32 வயது, 360 புள்ளி: ஸ்கோரை ஏற்ற எந்த வழி லாபம்?

கனடா, ஆஸ்திரேலியா என்று பாயின்ட்ஸ் முறையில் குடியேற நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் அட்டவணையைத் திறந்து எந்தப் பகுதிக்கு அதிகபட்சம் எத்தனை புள்ளி என்றுதான் பார்க்கிறார்கள். கனடாவில் கல்விக்கு 150 வரை உண்டா, சரி, ஒரு மாஸ்டர்ஸ் போட்டுவிடலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்த அதிகபட்ச எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்போது நிற்கிற படியிலிருந்து அடுத்த படிக்கு ஏற எத்தனை மாதம் ஆகும், அதற்குள் வயதில் எவ்வளவு கழியும், ஏறிய படி வேறு எங்காவது கூடுதல் புள்ளியைத் திறந்துவிடுகிறதா, இந்த மூன்றையும் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரு ஆளை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். வயது 32, திருமணமாகவில்லை. கம்ப்யூட்டர் சயன்ஸில் நான்கு வருட டிகிரி, அதே துறையில் நான்கு வருட வேலை, எல்லாம் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் வெளியே. ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் என்ற ஆங்கிலத் தேர்வில் லிசனிங் 7.5, ரீடிங் 7, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. பார்த்தால் நல்ல மதிப்பெண்தான், யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் இரண்டு நாடுகளிலும் இவருடைய பிரச்சினை இந்த மதிப்பெண்ணில்தான் இருக்கிறது.

முதலில் கனடா. எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற அதன் குடியேற்ற முறையில் இரண்டு தனித்தனிக் கணக்குகள் உண்டு, பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு அனுபவத்தை மட்டும் வைத்து வருகிறவருக்கு முதல் கணக்கு நூற்றுக்கு 67 எடுக்கவேண்டிய தகுதிக் கணக்கு. நம் ஆளுக்கு மொழிக்கு 22, கல்விக்கு 21, அனுபவத்துக்கு 13, வயதுக்கு 12, ஆக மொத்தம் 68. அதாவது உள்ளே நுழைய அனுமதி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே போனபின் யாரை முதலில் அழைப்பது என்று முடிவு செய்வது 1200 புள்ளிக்கான சிஆர்எஸ் என்ற இரண்டாவது கணக்கு. '67 எடுத்தாச்சு, இனி அழைப்பு வரும்' என்று காத்திருக்கிறவர்கள் நிறைய பேர். அப்படி வராது.

சிஆர்எஸ்ஸில் தனிநபராக இவருக்கு வயதுக்கு 94, டிகிரிக்கு 120. மொழியை நான்கு திறன்களுக்கும் தனித்தனியாகப் பார்த்து, சிஎல்பி என்ற கனடிய அளவுகோலுக்கு மாற்றுவார்கள். ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7 இரண்டும் சிஎல்பி 9, தலா 31 புள்ளி. லிசனிங் 7.5, ரைட்டிங் 6.5 இரண்டும் சிஎல்பி 8, தலா 23. மொழிக்கு மொத்தம் 108. இதற்கு மேல் 'திறன் மாற்றம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. கல்வியையும் மொழியையும் சேர்த்துப் பார்த்து ஒரு புள்ளி, வெளிநாட்டு அனுபவத்தையும் மொழியையும் சேர்த்துப் பார்த்து இன்னொரு புள்ளி. இதில் இவருக்கு 13 மற்றும் 25. கூட்டினால் 360.

இப்போது லிசனிங்கில் அரை பேண்ட், ரைட்டிங்கில் அரை பேண்ட் மட்டும் ஏற்றிப் பாருங்கள்: லிசனிங் 8, ரைட்டிங் 7. நான்கும் சிஎல்பி 9 ஆகிவிடும். மொழிப் புள்ளி 108லிருந்து 124, நேரடி லாபம் 16 மட்டுமே. ஆனால் அந்தச் சேர்க்கைப் பகுதி நான்கு திறன்களும் ஒன்றாக 9ஐத் தொட்டால்தான் அடுத்த நிலைக்குப் போகும். தொட்டவுடன் கல்விச் சேர்க்கை 13லிருந்து 25 ஆகிறது, அனுபவச் சேர்க்கை 25லிருந்து 50 ஆகிறது. மொத்தம் 413. இரண்டு அரை பேண்டுக்கு 53 புள்ளி. மூன்று திறன்களில் 9 எடுத்து ஒன்றில் மட்டும் 8 இருந்தால் இந்த 37 புள்ளிச் சேர்க்கை லாபத்தில் ஒன்றுகூட வராது, அதனால்தான் சராசரி பேண்டைப் பார்த்து சந்தோஷப்படுவதில் அர்த்தமில்லை என்கிறேன். ஓவரால் 8 எடுத்தவரை ஓவரால் 7.5 எடுத்தவர் முந்திவிடலாம்.

9க்குப் பிறகு நிலைமை மாறிவிடும். சிஎல்பி 10 எடுக்க லிசனிங் 8.5, ரீடிங் 8, மற்ற இரண்டும் 7.5 வேண்டும், கிடைப்பது திறனுக்கு 3 வீதம் வெறும் 12 புள்ளி. சேர்க்கைப் பகுதியில் புதிதாக எதுவும் திறக்காது. நேரமும் காசும் இருந்தால் முயற்சி செய்யலாம், ஆனால் அதற்காக ஆறு மாதம் உட்காரவேண்டாம்.

அடுத்து படிப்பு. இதே ஆள் வேலையை விட்டுவிட்டு, கனடாவுக்கு வெளியே, இரண்டு வருட மாஸ்டர்ஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்விக்கு 120லிருந்து 135, கூடவே கல்விச் சேர்க்கை 25லிருந்து 50. மொத்தம் 40 ஏறுகிறது. ஆனால் படித்து முடிக்கும்போது வயது 34, வயதுப் புள்ளி 94லிருந்து 83க்கு இறங்கிவிட்டது. கையில் நிற்பது 29. அதுவும் சிஎல்பி 9 ஏற்கெனவே இருந்தால் மட்டும்தான் இந்தக் கணக்கு, இல்லாவிட்டால் சேர்க்கையில் ஏறுவது இன்னும் குறைவு.

இதைவிட மலிவான ஒரு வழி பலருடைய அலமாரியிலேயே கிடக்கும். மூன்று வருடமோ அதற்கு மேலோ ஆன ஒரு டிகிரியுடன், தனியாக இன்னொரு அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமாவும் இருந்தால் அது 'இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சான்றிதழ்கள்' என்ற வகையில் வரும். கல்விக்கு 128, சேர்க்கைக்கு மாஸ்டர்ஸுக்குக் கிடைக்கும் அதே 50. அதாவது 33 புள்ளி, மாஸ்டர்ஸைவிட 7தான் குறைவு. டிகிரிக்கு முன்போ பின்போ ஒரு வருட டிப்ளமா முடித்துவிட்டு, கல்வி மதிப்பீட்டுக்கு அனுப்பும்போது 'பெரிய டிகிரி ஒன்று போதும்' என்று அதை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் அனுப்புங்கள். மதிப்பீடு செய்யும் நிறுவனம் அதைக் கனடியப் படிப்புக்கு இணை என்று அறிக்கையில் எழுதினால்தான் புள்ளி. சில வாரப் பயிற்சிச் சான்றிதழ்கள், நிறுவனங்கள் தரும் தொழில்நுட்பச் சான்றிதழ்கள் எல்லாம் இதில் வராது.

அனுபவம் கூடட்டும் என்று காத்திருப்பது? கனடாவைப் பொறுத்தவரை நம் ஆளுக்கு அது சுத்த நஷ்டம். வெளிநாட்டு அனுபவம் மூன்று வருடத்தோடு உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, நான்கானாலும் பத்தானாலும் சிஆர்எஸ்ஸில் ஒன்றுதான். தகுதிக் கணக்கில் மட்டும் ஆறு வருடம் வரை கொஞ்சம் ஏறும், 67ஐ ஏற்கெனவே தாண்டியவருக்கு அதனால் பயனில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஐந்தோ ஆறோ புள்ளி போய்க்கொண்டிருக்கும். 40ஐத் தாண்டினால் வருடத்துக்கு 11 வீதம் சரிந்து 45ல் பூஜ்யம். கனடாவுக்குள் வேலை செய்த அனுபவம் வேறு கதை, ஒரு வருடத்துக்கே 40 புள்ளி, ஆனால் அதற்கு முதலில் அங்கே வேலை செய்யும் அனுமதியோடு இருக்கவேண்டும்.

சரி, 413 எடுத்தாச்சு, போதுமா என்றால் பொதுவான அழைப்புச் சுற்றில் போதாது. 2025ல் கனடிய அனுபவம் உள்ளவர்களுக்கான சுற்றுகளே 500க்கு மேல்தான் நின்றன. முன்பு கனடிய வேலைவாய்ப்புக் கடிதம் இருந்தால் 50 அல்லது 200 புள்ளி கிடைத்துக்கொண்டிருந்தது, 2025 மார்ச் 25ஆம் தேதி அதையும் எடுத்துவிட்டார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்து இன்னும் அந்தக் கடிதத்துக்காகக் காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். புள்ளிக்காக அந்தக் கடிதத்தை யாராவது விற்க வந்தால் அது வெறும் தாள்.

இந்த இடத்தில்தான் பிரெஞ்சு வருகிறது. நான் சொன்னால் பலர் சிரிப்பார்கள், ஆனால் எண்களைப் பாருங்கள். ஆங்கிலத்தில் சிஎல்பி 5ஓ அதற்கு மேலோ இருந்து, பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் 7ஆம் நிலை எடுத்தால் தனியாக 50 புள்ளி, இரண்டாம் மொழியாகத் திறனுக்கு 3 வீதம் 12. ஆக 62. 413 என்பது 475 ஆகிறது. அதைவிடப் பெரிய விஷயம், 2023லிருந்து பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனி அழைப்புச் சுற்று நடக்கிறது, அதில் எல்லைப் புள்ளி மிகக் கீழே இறங்கும். 2025 மார்ச்சில் ஒருமுறை 379 வரை வந்தது. அந்த வரிசையில் 475 என்பது வசதியான இடம். இதன் விலை நேரம்தான். 7ஆம் நிலை என்பது ஏறக்குறைய ஐரோப்பிய அளவுகோலின் பி2, பூஜ்யத்திலிருந்து தொடங்கி வேலையும் பார்த்துக்கொண்டு படித்தால் ஒன்றரை வருடமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், வயதில் 6 அல்லது 11 போய்விடும். போனாலும் மாஸ்டர்ஸுக்குச் செலவாகும் அதே காலத்தில் இரண்டு மடங்குக்கு அருகில் கிடைக்கிறது, தனி வரிசையும் கிடைக்கிறது. ஒரு மாகாண அரசே பெயரைப் பரிந்துரைக்கும் மாகாண நியமனம் கிடைத்தால் 600 புள்ளி, அதோடு கதை முடிந்தது. ஆனால் ஒவ்வொரு மாகாணமும் எந்தத் தொழில், என்ன தொடர்பு என்று தன் நிபந்தனையை வைத்திருக்கிறது, அதைத் திட்டமிட்டு 'ஏற்ற' முடியாது, தகுதி இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

இதே ஆளை இப்போது ஆஸ்திரேலியாவின் கணக்கில் நிறுத்துவோம். அங்கே எல்லாம் அகலமான படிகள். 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி, 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15, 45 ஆகிவிட்டால் கதவு மூடிவிடும். கனடாவில் 30லிருந்து 39க்குள் வருடாவருடம் தேய்கிறது, இங்கே 33ஆம் பிறந்தநாள் அன்று ஒரே அடியாக 5 போகும். டிகிரியானாலும் மாஸ்டர்ஸானாலும் ஒரே 15தான், முனைவர் பட்டம் இருந்தால் மட்டும் 20. ஆகவே ஆஸ்திரேலியாவுக்காக அந்த நாட்டுக்கு வெளியே மாஸ்டர்ஸ் படிப்பது, புள்ளியை மட்டும் பார்த்தால், வீண்.

ஆங்கிலத்தில்தான் இவருக்குப் பெரிய அடி. நான்கு திறன்களிலும் 7 இருந்தால் 10 புள்ளி, நான்கிலும் 8 இருந்தால் 20. ஒன்று குறைந்தாலும் கீழ்ப்படி. ரைட்டிங் 6.5 என்பதால் இவருக்குக் கிடைப்பது பூஜ்யம்! கனடாவில் 108 புள்ளி வாங்கித்தந்த அதே தாள் இங்கே தகுதியை மட்டும் காட்டுகிறது, புள்ளி எதுவும் தருவதில்லை.

அனுபவத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு அனுபவத்துக்கு 3 வருடத்தில் 5, 5 வருடத்தில் 10, 8 வருடத்தில் 15 புள்ளி. நான்கு வருடம் இருக்கிறதே, 5 நிச்சயம் என்று நினைப்பார். ஆனால் கம்ப்யூட்டர் துறை ஆட்களின் தகுதியை மதிப்பிடும் ஏசிஎஸ், படிப்பும் வேலையும் நன்றாகப் பொருந்தினால்கூட முதல் இரண்டு வருடத்தைப் பொதுவாகக் கழித்துவிடும், அதற்குப் பிறகுதான் 'திறமையான வேலை' தொடங்கியதாக எழுதும். பொருத்தம் குறைந்தால் இன்னும் அதிகமாகக் கழியும். ஆக நான்கு வருடம் இரண்டாகிறது, புள்ளி பூஜ்யம். இதைப் பார்க்காமல் விருப்ப விண்ணப்பத்தில் முழு அனுபவத்தையும் காட்டி, அழைப்பு வந்தபின் புள்ளி குறைந்து, விசா மறுக்கப்பட்டு, கட்டிய கட்டணத்தையும் இழக்கிறவர்கள் உண்டு. மதிப்பீட்டுக் கடிதத்தில் எந்தத் தேதிக்குப் பிறகு என்று எழுதியிருக்கிறதோ அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணவேண்டும்.

மொத்தம்: வயது 30, கல்வி 15, துணையில்லாதவர் என்பதற்கு 10. ஆக 55. குறைந்தபட்சம் 65 இல்லாமல் உள்ளேயே போக முடியாது. ரைட்டிங்கை 7 ஆக்கினால் 65, கதவு திறக்கும். நான்கிலும் 8 எடுத்தால் 75. ஆனால் 65 என்பது அழைப்பு வரும் புள்ளியல்ல, கம்ப்யூட்டர் துறைக்குப் போட்டி அதைவிட நிறைய மேலே நிற்கும்.

கனடாவுக்கு 9ஆம் நிலைக்கு மேல் ஆங்கிலத்தில் உட்காரவேண்டாம் என்றேன் அல்லவா, ஆஸ்திரேலியாவுக்கு அது தலைகீழ். 7லிருந்து 8க்குப் போவதில் 10 புள்ளி இருக்கிறது, வேறு எந்த வழியிலும் சில மாதங்களில் 10 கிடைக்காது. ரைட்டிங்கில் 8 என்பது கடினம், அதனால் பலர் பிடிஇ அகாடமிக் என்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வின் பக்கம் போகிறார்கள். போகலாம், ஆனால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஆஸ்திரேலியாவுக்கான பிடிஇ அகாடமிக் வேறு, கனடா ஏற்றுக்கொள்ளும் பிடிஇ கோர் வேறு, ஒன்றின் மதிப்பெண் இன்னொன்றுக்குச் செல்லாது. இரண்டு நாட்டையும் ஒரே ஐஇஎல்டிஎஸ் தேர்வில் பிடிக்க நினைத்தால் ஜெனரல்தான், அகாடமிக்கைக் கனடா எடுத்துக்கொள்ளாது. அதே தாள் கனடாவுக்கு இரண்டு வருடம் செல்லும், ஆஸ்திரேலியாவுக்கு மூன்று வருடம்.

அப்புறம் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வசதி. அந்த நாட்டின் மொழிபெயர்ப்பாளர் அங்கீகார அமைப்பான நாட்டி நடத்தும் சிசிஎல் என்ற மொழித் தேர்வில் தேறினால் 5 புள்ளி, அதில் தமிழும் இருக்கிறது. மருத்துவர், வங்கி, பள்ளி மாதிரி இடங்களில் ஒருவர் ஆங்கிலத்திலும் இன்னொருவர் தமிழிலும் பேசுவது போல இரண்டு உரையாடல்கள் ஒலிக்கும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொற்கள். துண்டு துண்டாக நிறுத்துவார்கள், நீங்கள் அதை மற்ற மொழியில் சொல்லவேண்டும். ஒவ்வொரு உரையாடலுக்கும் 45 மதிப்பெண், தேற ஒவ்வொன்றிலும் குறைந்தது 29, மொத்தம் 90க்கு 63. வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் தடுக்கி விழுவது தமிழில் அல்ல, 'காப்பீட்டுத் தொகை', 'மேல்முறையீடு' மாதிரிச் சொற்கள் சட்டென்று வாயில் வராததிலும், நீளமான துண்டில் ஒரு எண்ணையோ தேதியையோ விட்டுவிடுவதிலும்தான். குறிப்பு எடுக்கும் பழக்கத்தை ஓரிரு மாதம் செய்தால் போதும். செலவுக்கும் நேரத்துக்கும் இதைவிட மலிவான 5 புள்ளி அந்த அட்டவணையில் கிடையாது.

காத்திருப்பதும் இங்கே வேறு கணக்கு. இன்னும் ஒரு வருடம் வேலை செய்தால் ஏசிஎஸ் கழிவு போக 3 வருடம் ஆகி 5 புள்ளி வரும், ஆனால் அதற்குள் 33 ஆகிவிடும், 5 போய்விடும். சரிக்குச் சரி. 26 வயதுக்காரருக்கு அப்படியில்லை, அவர் காத்திருந்தால் வயதில் எதுவும் கழியாமல் அனுபவம் ஏறிக்கொண்டே போகும். மாநில நியமனம் 5 தரும், பிராந்தியப் பகுதிக்கான 491 விசா 15 தரும். ஆனால் 491 ஐந்து வருடத் தற்காலிக விசா, நிரந்தரத்துக்கு அங்கே மூன்று வருடமாவது இருந்து பிறகு கேட்கவேண்டும். புள்ளி மட்டும் பார்த்து இதை எடுக்கிறவர்கள் எங்கே வாழப்போகிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

திருமணமானவர்களுக்கு ஒரு வார்த்தை, ஏனென்றால் இங்கேதான் நிறைய புள்ளி சும்மா கிடக்கிறது. கனடாவில் துணையோடு விண்ணப்பித்தால் முதன்மை விண்ணப்பதாரரின் அட்டவணையே மாறிவிடும். நம் ஆளுக்கே, சிஎல்பி 9 எடுத்த பிறகு, வயதில் 9, கல்வியில் 8, மொழியில் 8, ஆக 25 குறையும். அதைத் துணை ஈடுகட்டவேண்டும். துணைக்கு டிகிரி மதிப்பீடும் சிஎல்பி 7ம் இருந்தால் 20 வரும், சிஎல்பி 9 இருந்தால் 28. எந்தத் தேர்வும் எழுதாமல், மதிப்பீடும் செய்யாமல் விட்டால் பூஜ்யம், அதாவது 25 புள்ளி நஷ்டம். ஆஸ்திரேலியாவில் துணைக்கு ஆங்கிலத்தில் நான்கிலும் 6 இருந்தால் 5, அதோடு தொழில் மதிப்பீடும் 45க்குக் கீழ் வயதும் இருந்தால் 10, ஒன்றும் இல்லையென்றால் பூஜ்யம். இரண்டு நாட்டிலும், யாரை முதன்மை விண்ணப்பதாரராகப் போடுவது என்று கட்டாயம் இரண்டு விதமாகவும் கூட்டிப் பாருங்கள். கணவருக்கு 36, மனைவிக்கு 31 என்றால் கனடா கணக்கில் வயதில் மட்டுமே 25 புள்ளி வித்தியாசம், ஆனால் பழக்கத்தில் கணவர் பெயரையே முதலில் எழுதிவிடுகிறார்கள். 'துணை கூட வரவில்லை' என்று பொய்யாகப் போட்டுப் புள்ளியைக் காப்பாற்ற நினைக்கவேண்டாம், தவறான தகவல் என்று கனடா முடிவு செய்தால் ஐந்து வருடத் தடை.

நம் ஆளுக்கு நான் என்ன சொல்வேன்? 33 ஆவதற்குள் ஆங்கிலத் தேர்வைத் திரும்ப எழுது, அதற்கு முந்திய வேலை எதுவும் இல்லை. ஆஸ்திரேலியா வேண்டுமென்றால் சிசிஎல்லை உடனே பதிவு செய், 8ஐ நோக்கிப் படி. கனடா வேண்டுமென்றால் 9 எடுத்தவுடன் ஆங்கிலத்தை மூடிவிட்டு பிரெஞ்சைத் திற, பழைய டிப்ளமா ஏதாவது இருந்தால் மதிப்பீட்டுக்கு அனுப்பு. மாஸ்டர்ஸைத் துறைக்காகப் படிக்க ஆசையென்றால் படி, புள்ளிக்காகப் படிக்காதே.

இதற்கிடையில் வேலை அனுபவக் கடிதங்களை இப்போதே வாங்கிவைக்கவேண்டும். 'இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை பணிபுரிந்தார்' என்ற ஒரு வரிக் கடிதம் இரண்டு நாட்டிலும் போதாது. பதவி, வேலைக் கடமைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், தேதிகள் எல்லாம் இருக்கவேண்டும். கனடா வாரம் 30 மணி நேரம் வீதம் 1,560 மணி நேரத்தை ஒரு வருடமாக எண்ணுகிறது. கடமைகள் அந்தத் தொழில் குறியீட்டின் விவரிப்போடு பொருந்தவேண்டும், ஆனால் அரசு இணையதளத்திலிருந்து அப்படியே வெட்டி ஒட்டிய கடிதம் சந்தேகத்தைத்தான் கிளப்பும். அழைப்பு வந்தபின் கனடாவில் கையில் இருப்பது 60 நாள்தான், பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறை ஒரு கடிதத்துக்கு அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்வது சாதாரணம்.